தாலிச் சங்கிலி பற்றிய உங்கள் புகார் கிடைத்தது: முழுப் பதில் 14 நவம்பர் வெள்ளிக்கிழமை

சுங்கை சிப்புட்
4 நவம்பர் 2025, செவ்வாய், மதியம் 12.50

வணக்கம் அக்கா.

இன்று காலை 9.40-க்கு நீங்கள் அனுப்பிய செய்தியையும் அடகுக்கடைச் சீட்டின் படத்தையும் பார்த்தேன். ஈப்போவில் இருந்தேன், இப்போதுதான் கடைக்கு வந்தேன். வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும், அச்செடுத்துக் கையெழுத்துப் போட்ட பிரதியை மாலையில் நானே கொண்டு வந்து தருகிறேன்.

நீங்கள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். 2023 மார்ச் 14 அன்று எங்கள் கடையில் 40.12 கிராமில் ஒரு தாலிச் சங்கிலி வாங்கினீர்கள். ரசீதில் 916 என்று இருக்கிறது, கொக்கியிலும் 916 முத்திரை இருக்கிறது. மகனின் காலேஜ் கட்டணத்துக்காக நேற்று அதை அடகு வைக்கப் போனபோது, அங்கிருந்த மெஷின் 84 சதவீதம்தான் தங்கம் என்று காட்டியது. வரிசையில் நின்றவர்கள் முன்னால் "இது 916 இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கடைக்கு அழைத்தீர்கள், போனை எடுத்தவர் "ரசீதைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். இதில் ஏதாவது தவறாக இருந்தாலோ விடுபட்டிருந்தாலோ சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அந்தப் போன் விஷயத்துக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. அப்படிப் பேசியது தவறு. எடுத்தது என் அண்ணன் மகன், ஆனால் கடை என்னுடையது, அதனால் மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் அக்கா. தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிவிட்டு அந்தச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். அந்த நிலையில் ஊரார் முன்னால் அப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் என் அப்பாவிடம் தோடு வாங்கிய காலத்திலிருந்து உங்கள் குடும்பம் இங்கே வருகிறது. அந்த நம்பிக்கைக்கு இப்படிப் பதில் வந்திருக்கக் கூடாது.

இனி தங்கத்தைப் பற்றி. 40.12 கிராம் 916-ஆக இருந்தால் அதில் 36.75 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். 84 சதவீதம் என்றால் 33.70 கிராம்தான் இருக்கும். ஏறக்குறைய 3 கிராம் குறைகிறது. இது சின்ன விஷயம் இல்லை, அப்படி நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் உங்கள் சங்கிலி 916-தான் என்றோ இல்லை என்றோ இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. அடகுக்கடை மெஷின் கதிரை மேலே பாய்ச்சி மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது. கண்ணிகளைப் பற்றவைத்த இடத்தில் பட்டால் குறைவாகக் காட்டலாம், மேலே முலாம் இருந்தால் கூடுதலாகவும் காட்டலாம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. மெஷின் சரியாகவே சொல்லியிருக்கலாம், அப்படியானால் தவறு எங்கள் பக்கம். கடையில் உரைகல் இருக்கிறது, ஆனால் நானே உரசிப் பார்த்து "நல்ல தங்கம்தான்" என்று சொன்னால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்?

அதனால் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சோதனைக்கூடத்தில் புடம் போட்டுப் பார்க்கப் போகிறோம். சங்கிலியிலிருந்து சிறு துண்டு வெட்டி, ஈயத்தோடு உருக்கி மற்ற உலோகங்களைப் பிரித்து, வெள்ளியை அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் தங்கத்தை எடை போடுவார்கள். உள்ளும் புறமும் சேர்த்துச் சொல்லும் சோதனை இதுதான். இதற்குச் சங்கிலியில் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும், ஒன்று பற்று இல்லாத இடம், இன்னொன்று பற்றோடு சேர்ந்த இடம். உங்கள் சம்மதம் இல்லாமல் வெட்ட மாட்டோம். முடிவு எப்படி வந்தாலும் வெட்டிய தங்கத்துக்கு ஈடும் சோதனைச் செலவும் என் பொறுப்பு.

இன்று மாலை 6.30-க்கு, நீங்கள் வேலை முடிந்து வந்த பிறகு, தோட்டத்துக்கு வருகிறேன். தராசும் கொண்டு வருவேன். உங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தால் நல்லது. உங்கள் கண் முன்னால் எடை போட்டு, படம் எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவோம். தாலியும் குண்டுமணிகளும் உங்களிடமே இருக்கட்டும், சங்கிலி மட்டும் போதும். அதற்குள் வேறு யாரிடமும் கொடுத்துப் பாலிஷ் போடவோ பற்றவைக்கவோ வேண்டாம். அடகுக்கடைச் சீட்டின் அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மெஷினில் எந்தெந்த இடத்தை வைத்துப் பார்த்தார்கள் என்று ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். சங்கிலியை என்னிடம் தர மனம் ஒப்பவில்லை என்றால் அதுவும் சரி. வியாழக்கிழமை நான் சோதனைக்கூடத்துக்குப் போகிறேன், நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ சங்கிலியோடு என்னுடன் வரலாம்.

கட்டணத்துக்கு இந்த வாரமே பணம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மாலையில் வரும்போது 3,000 ரிங்கிட் கொண்டு வருகிறேன். இது கடன், வட்டி இல்லை, ஒரு தாளில் எழுதித் தருகிறேன். இதை வாங்கிக்கொண்டால் புகாரை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம் இல்லை, அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுகிறேன். இது போதவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், பேசிப் பார்ப்போம்.

முழுப் பதில் 14 நவம்பர் 2025, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் எழுத்தில் உங்கள் கையில் இருக்கும். சோதனைக்கூட அறிக்கையின் பிரதி அதோடு இருக்கும். சங்கிலியில் தங்கம் எவ்வளவு, குறைந்திருந்தால் எங்கே எப்படிக் குறைந்தது, அதற்கு நான் என்ன ஈடு தருகிறேன், மூன்றையும் அதில் எழுதுகிறேன். நடுவில் 10 நவம்பர் திங்கட்கிழமை மதியம் 12 மணிக்கு அழைப்பேன். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அழைப்பேன். சோதனைக்கூடத்தில் தாமதமானால்கூட வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கடிதம் வரும், அதுவரை தெரிந்ததும் மீதிக்கான தேதியும் அதில் இருக்கும்.

உங்கள் சங்கிலியோடு அதே பொற்கொல்லரிடமிருந்து வந்த நகைகளில் கடையில் மிச்சம் இருப்பதைச் சற்று முன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாகப் பூட்டிவிட்டேன். முடிவு தெரியும்வரை விற்க மாட்டேன். அந்த வரவில் வேறு யாருக்கு விற்றோம் என்று 2023 கணக்குப் புத்தகத்தில் இன்று இரவு பார்க்கிறேன். உங்கள் சங்கிலியில் குறை என்று வந்தால், அவர்களை நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் பதிலில் திருப்தி இல்லை என்றால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. எனக்காகக் காத்திருந்துதான் போக வேண்டும் என்பதும் இல்லை. அங்கே ரசீது கேட்பார்கள். உங்களிடம் இருப்பது மங்கிப்போயிருந்தால் சொல்லுங்கள், எங்கள் அடிக்கட்டையிலிருந்து பிரதி எடுத்து மாலையில் கொண்டு வருகிறேன்.

இதைப் பற்றி இனி கடையில் வேறு யாரிடமும் நீங்கள் பேச வேண்டியதில்லை. இதே எண்ணில் என்னை அழையுங்கள், இரவு 10 மணி வரை எடுப்பேன். 6.30 உங்களுக்குத் தோது இல்லை என்றால் ஒரு நேரம் சொல்லுங்கள், அப்போது வருகிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்