காப்பாளர், சமையலர் பணி நேர அட்டவணையும் சேர்ந்து எடுக்கும் வார ஓய்வும்

காப்பாளர்களுக்கும் சமையலர்களுக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் விடுதியில் புதிய பணி அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. சென்ற வாரம் எல்லாரும் உட்கார்ந்து பேசியபோது நீங்கள் சொன்னவற்றை வைத்தே இதைத் தயாரித்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இதுவரை பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு நாளாக ஓய்வு எடுத்துவந்தோம். வாரத்தில் ஐந்து நாட்கள் இரண்டு பேர் இருக்கமாட்டார்கள், மீதி இரண்டு நாட்கள் ஒருவர் இருக்கமாட்டார். எல்லாரும் இருக்கும் நாள் என்று ஒன்றுகூட இல்லை. காப்பாளருக்கு ஓய்வு ஒரு நாள், அவரோடு வேலை செய்யும் சமையலருக்கு வேறொரு நாள். யாரிடம் எதை ஒப்படைத்தோம் என்பதே பல நாள் தெரியாமல் போனது. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. ஓய்வில் இருந்தவரைப் பாதி நாளில் தொலைபேசியில் கூப்பிட்டு வரவழைத்திருக்கிறோம். கூப்பிட்டதில் நானும் உண்டு. இனி அது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த அட்டவணை.

ஒரு காப்பாளர், இரண்டு சமையலர் என மூவர் சேர்ந்தது ஓர் அணி. மொத்தம் நான்கு அணிகள். அணியில் உள்ள மூவரும் ஒன்றாகவே பணிக்கு வருவார்கள், ஒன்றாகவே ஓய்வு எடுப்பார்கள். யார் எந்த அணி என்பதை நேரில் பேசி முடித்துவிட்டோம். பெயர்ப் பட்டியல் சமையலறை வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது.

பணி நேரங்கள் நான்கு வகை. காலைப் பணி 5.30 முதல் பகல் 1.30 வரை. படிப்பு நேரப் பணி பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை. இரவுப் பணி 9.30 முதல் மறுநாள் காலை 5.30 வரை. இவை தவிர, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாட்களும் யாருக்கும் ஓய்வு இல்லாததால் நான்காவது அணியும் கையில் இருக்கும். அந்த அணிக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை துணைப் பணி.

| நாள் | காலை | படிப்பு நேரம் | இரவு | துணை | ஓய்வு |
|---|---|---|---|---|---|
| திங்கள் | அணி 2 | அணி 3 | அணி 1 | – | அணி 4 |
| செவ்வாய் | அணி 2 | அணி 4 | அணி 1 | அணி 3 | – |
| புதன் | அணி 3 | அணி 4 | அணி 2 | – | அணி 1 |
| வியாழன் | அணி 3 | அணி 1 | அணி 2 | அணி 4 | – |
| வெள்ளி | அணி 4 | அணி 1 | அணி 3 | – | அணி 2 |
| சனி | அணி 4 | அணி 1 | அணி 3 | அணி 2 | – |
| ஞாயிறு | அணி 2 | அணி 1 | அணி 4 | – | அணி 3 |

எல்லா அணிக்கும் வாரத்தில் ஆறு பணி, 48 மணி நேரம். இரவுப் பணி மூன்று அணிகளுக்கு இரண்டு நாள், அணி 4க்கு ஒரு நாள்.

இரவுப் பணி முடிந்ததும் ஓய்வு நாள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். விடியவிடிய கண்விழித்தவரை அன்றைக்கே பகலிலோ, அடுத்த நாள் விடியற்காலையிலோ திரும்ப வரச்சொல்வது சரியில்லை. அணி 1, 3, 4 மூன்றும் ஓய்வு நாள் காலை 5.30க்குக் கிளம்பினால் மறுநாள் பகல் 1.30க்கு வந்தால் போதும், 32 மணி நேரம் கிடைக்கும். அணி 2 மட்டும் சனிக்கிழமை காலை 9 மணிக்கே துணைப் பணிக்கு வரவேண்டியிருக்கிறது. அவர்களுக்கு 27 மணி 30 நிமிடம்தான். இதைச் சரிசெய்ய எவ்வளவோ மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறோர் அணி இரவு 9.30க்குப் பணி முடித்து அடுத்த நாள் விடியற்காலை 5.30க்கு நிற்கவேண்டி வந்தது. அது இதைவிட மோசம் என்று பட்டதால் விட்டுவிட்டேன்.

முதல் பாதி நாள் தூக்கத்தில் போய்விடுமே, அது எப்படி ஓய்வு நாள் ஆகும் என்று ஒரு சமையலர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் ஓய்வை 24 மணி நேரத்தோடு நிறுத்தாமல் அதற்கு மேல் நீட்டியிருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921ல் தொழிற்சாலைகளுக்காகக் கொண்டுவந்த 14ஆம் உடன்படிக்கை, ஏழு நாட்களுக்குள் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு தரச்சொல்கிறது. முடிந்தவரை எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தரவேண்டும் என்றும் சொல்கிறது. வணிகம், அலுவலகங்களுக்காக 1957ல் வந்த 106ஆம் உடன்படிக்கையிலும் இதே கருத்து உண்டு. மாணவர்கள் தங்கியிருக்கும் இடத்தை ஒரு நாள் மொத்தமாகப் பூட்ட முடியாது. அணிக்கு அணி சேர்ந்து ஓய்வெடுப்பதுதான் நம்மால் முடிந்தது.

அடுத்தடுத்த இரண்டு பணிகளுக்கு நடுவே யாருக்கும் 11 மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி இருக்கிறது. பணியை மாற்றிக்கொள்ளும்போதும் இந்த இடைவெளி குறையக்கூடாது. மாற்றிக்கொள்ள விரும்பினால் காப்பாளர் காப்பாளரோடும் சமையலர் சமையலரோடும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நாள் முன்னதாக இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டால் சரி, என்னிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

படிப்பு நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மாலை 6 முதல் 7.30 வரை படிப்பு, பிறகு இரவு உணவு, 8.30 முதல் 9.30 வரை மறுபடி படிப்பு. இந்த இரண்டு வேளையும் காப்பாளர் அலுவலக அறையில் இருக்கக்கூடாது, தளத்தில் நடந்துகொண்டிருக்க வேண்டும். கணக்கு எழுதுவது, வருகைப் பதிவைச் சரிபார்ப்பது எல்லாம் 6 மணிக்கு முன்பே முடியட்டும். எத்தனையோ பிள்ளைகள் சந்தேகம் கேட்கவோ, மனதில் இருப்பதைச் சொல்லவோ காப்பாளர் அந்தப் பக்கம் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அறைக் கதவைத் தட்டி வரமாட்டார்கள், வராந்தாவில் எதிர்ப்பட்டால் பேசுவார்கள்.

சமையலர்களிடம் ஒரு வேண்டுகோள். இரவு உணவுக்குப் பிறகு தட்டு, டம்ளர் கழுவுவதை அப்போதே முடித்துவிடலாம். பெரிய பாத்திரங்களைத் தேய்ப்பதும் அடுக்குவதும் 9.30க்கு மேல் இரவு அணியின் வேலையாக இருக்கட்டும். சமையலறைக்கு நேர் மேலே உள்ள அறைகளில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று நானே ஒரு நாள் உட்கார்ந்து கேட்டேன், புத்தகத்தில் ஒரு வரி ஓடவில்லை. தேர்வு மாதங்களில் படிப்பு நேரம் 10.30 வரை நீளும். அப்போது அந்த ஒரு மணி நேரம் தளத்தில் நடப்பது இரவுக் காப்பாளரின் பொறுப்பு. பெரிய பாத்திர வேலையும் 10.30க்கு மேல்தான்.

இரவில் காப்பாளர் 11 மணி, 2 மணி, 4.30 மணி என மூன்று முறை சுற்றி வரவேண்டும். சமையலர்கள் மறுநாளுக்கு நறுக்குவதையும் ஊறவைப்பதையும் முடித்த பிறகு 12 முதல் 3.30 வரை ஓய்வறையில் படுத்துக்கொள்ளலாம். அந்த நேரமும் பணி நேரமாகவே கணக்கில் வரும், எந்த மாணவருக்காவது உடம்பு முடியாமல் போனால் எழுந்துவர வேண்டும், அவ்வளவுதான். படுக்கப்போகும் முன் எரிவாயுவின் முதன்மை வால்வை மூடி, ஒரு சமையலரும் காப்பாளரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பார்த்துவிட்டு மற்றவருக்காகவும் கையெழுத்துப் போடுவதை ஏற்கமாட்டேன்.

இரவு 9.30க்குப் பணி முடிந்து வீட்டுக்குப் போவது சிரமம் என்றால் பணியாளர் அறையிலேயே தங்கிக்கொள்ளலாம். முன்கூட்டிச் சொல்லவேண்டியதில்லை.

பணி மாறும்போது வருகிற அணி பத்து நிமிடம் முன்னதாக வரட்டும். உடம்பு சரியில்லாத மாணவர் யார், வெளியே போய் இன்னும் திரும்பாதவர் யார், எந்தச் சாமான் தீர்ந்துவிட்டது, எந்த அடுப்பு தகராறு செய்கிறது என்பதை வாயாலும் சொல்லி, ஏட்டிலும் எழுதி ஒப்படைக்க வேண்டும். வாரத்துக்கு ஆறு முறை என்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. நான்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம். அதை அரை நாள் ஓய்வாகத் திருப்பித் தருவோம், துணை அணி இருக்கும் செவ்வாய், வியாழன், சனியில் ஏதாவது ஒரு நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவர் திடீரென்று வரமுடியாமல் போனால்? துணை அணி இருக்கும் நாளாக இருந்தால் அதிலிருந்து ஒருவர் பகல் பணிக்கு நிற்பார். மற்ற நாட்களிலும் இரவிலும் காப்பாளர் வரவில்லை என்றால் அவருக்குப் பதில் நான் வருவேன், விடுதி வளாகத்திலேயே குடியிருப்பதால் எந்த நேரமும் கூப்பிடலாம். சமையலர் ஒருவர் குறைந்தால் அந்த வேளைச் சமையலைச் சுருக்கிக்கொள்வோம், மாணவர்களிடம் காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஓய்வில் இருக்கும் அணியை மட்டும் யாரும் கூப்பிடக்கூடாது. சாவி எங்கே, சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்கக்கூட அழைக்க வேண்டாம். அதற்குத்தான் ஒப்படைப்பு ஏடு. ஏட்டில் இல்லை என்றால் என்னைக் கேளுங்கள். மீறி யாராவது கூப்பிட்டால் எடுக்காமல் இருந்துவிடுங்கள், ஏன் எடுக்கவில்லை என்று யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள்.

ஞாயிறு ஓய்வு அணி 3க்கு மட்டுமே கிடைக்கிறது. அணி 1 தொடர்ந்து நான்கு நாள் படிப்பு நேரத்தில் நிற்கிறது, அணி 2 மூன்று நாள் விடியற்காலையில் வருகிறது. இது எப்போதும் இப்படியே இருக்காது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை அணிகளின் இடம் மாறும். மாறும் வாரத்துக்கு மட்டும் தனி அட்டவணை போட்டு ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுகிறேன். நேரடியாக இடம் மாற்றினால் ஞாயிறு இரவு 9.30க்குப் பணி முடித்தவர் திங்கள் விடியற்காலை வரவேண்டியிருக்கும், வேறோர் அணிக்கு ஓய்வு நாளே தவறிப்போகும். இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

முதல் நான்கு வாரம் நடத்திப் பார்ப்போம். எந்த இடத்தில் இடிக்கிறதோ அதை ஒப்படைப்பு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள், பெயர் போடவேண்டும் என்பதில்லை. நான்காவது வாரத்தின் வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் படிப்பு நேர அணியும் துணை அணியும் உணவுக்கூடத்தில் கூடுவோம். மற்ற இரு அணிகளின் கருத்தை அதற்கு முன்பே அவரவர் பணி நேரத்தில் நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

தலைமைக் காப்பாளர்