பொருள்: மீண்டும் வேலையில் சேர்வது குறித்து

திருப்பூர்
10.11.2025

மதிப்புக்குரிய சார்,

வணக்கம். தீபாவளிக்கு நான் கூப்பிட்டபோது, யூ.கே. பையர்களுக்கு ஒரு சீனியர் மெர்ச்சண்டைசர் தேடுகிறோம், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லும்மா என்றீர்கள். அந்த இடத்துக்கு நானே வரலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் வேலையை விட்ட காரணத்தை ஒரு முறை முழுதாகப் பேசாமல் திரும்பி வருவது சரியில்லை என்று பட்டது. போனில் என்றால் பாதியிலேயே "சரி, விடுங்க" என்று இருவரும் முடித்துவிடுவோம்.

2024 மார்ச்சில் கொடுத்த ராஜினாமாக் கடிதத்தில் சொந்தக் காரணங்கள் என்று எழுதியிருந்தேன். எல்லோரும் எழுதுவது அதுதான். எச்.ஆரிலும் அதற்கு மேல் கேட்கவில்லை. உண்மையான காரணம் அந்த ஹூடி ஆர்டர் என்பது உங்களுக்குத் தெரியும்.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததும், தூத்துக்குடியிலிருந்து போகும் நம் சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதாயிற்று. கடலில் போகும் நாள் கூடியதால், சரக்கை முன்கூட்டியே ஒப்படைக்கச் சொல்லி பையர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தேதிக்கு மார்க்கெட்டிங்கில் அன்றைக்கே போனில் சரி சொல்லிவிட்டார்கள். ஃபேப்ரிக் அப்போது டையிங்கில் இருந்தது. முதல் லாட் ஷேடு லேப் டிப்போடு ஒத்துவராமல் மறுபடி சாயம் போடக் கொடுத்திருந்தோம். அது வந்து, காம்பேக்டிங் முடிந்து, கட்டிங், பிரிண்டிங், தையல் என்று எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்தத் தேதிக்கு முடியாது என்று மறுநாளே மெயில் போட்டேன். நீங்களும் காப்பியில் இருந்தீர்கள். பதில் வரவில்லை. கடைசியில் பாதிச் சரக்கு ஏரில் போயிற்று. ஹூடிக்கு எடையும் அதிகம், கார்ட்டனில் அது அடைக்கும் இடமும் அதிகம். அந்த ஸ்டைலில் கிடைத்திருக்க வேண்டிய லாபம் ஏர் ஃபிரைட்டிலேயே கரைந்தது.

ரிவ்யூ மீட்டிங்கில் "மெர்ச்சண்டைசிங் ஃபாலோ-அப் சரியில்லை" என்று முடிவு செய்தார்கள். என் டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டும் அந்த மெயிலும் மேசை மேலேயே இருந்தன. நீங்கள் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு "மனசுல வெச்சுக்காதம்மா" என்றீர்கள். நீங்கள் அக்கறையாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்தப் பேச்சு அந்த அறைக்குள் தேவைப்பட்டது சார். என் டீமில் இருந்த இரண்டு பெண்களும் அப்போது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியாத தேதியை முடியாது என்று எழுதிக் கொடுத்தவர் மேலேயே பழி விழும் என்றால், அடுத்த முறை அவர்கள் எதற்காக எழுதப் போகிறார்கள்? அதற்குப் பிறகு எனக்கு அங்கே மனசு ஒட்டவில்லை.

நீங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று இதையெல்லாம் எழுதவில்லை. 2018-ல் ஒன்றும் தெரியாமல் வந்தவளுக்கு, ஜி.எஸ்.எம். கட்டரை எடுக்கும் முன்னால் துணியைக் கையில் பிடித்தே எடை சொல்லக் கற்றுக் கொடுத்தது நீங்கள்தான். அதை எப்போதும் மறக்க மாட்டேன். ஆனால் நான் திரும்பி வந்தால் அதே மாதிரி ஒரு ஆர்டர் மறுபடியும் வரத்தான் செய்யும். அன்றைக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு இப்போதே தெரிய வேண்டும்.

இங்கே பையிங் ஆபீசில் வேலை பார்த்ததில், பையர் பக்கத்திலிருந்து இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டேன். தாமதமாகும் என்று ஒரு ஃபேக்டரி மூன்று வாரம் முன்னால் சொன்னால், பெரும்பாலும் தேதியை நகர்த்திக் கொடுக்கிறார்கள். இல்லையென்றால் அவசரமான கலர்களை மட்டும் முதலில் அனுப்பச் சொல்கிறார்கள். கடைசி வாரத்தில் சொன்னால்தான் ஏரில் அனுப்பு, இல்லை டிஸ்கவுண்ட் கொடு என்ற பேச்சு வருகிறது. "முடியாது, இந்தத் தேதிக்கு முடியும்" என்று காரணத்தோடு எழுதும் ஃபேக்டரியின் மேல் இங்கே யாரும் கோபப்படுவதை நான் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓகே சொல்லிவிட்டு அப்புறம் போனை எடுக்காதவர்களுக்குத்தான் அடுத்த சீசன் ஆர்டர் குறைகிறது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். எந்த ஆர்டராக இருந்தாலும், டெலிவரி தேதியைப் புதிதாக ஒத்துக்கொள்வதற்கோ மாற்றுவதற்கோ முன்னால், ஃபேப்ரிக் எப்போது கைக்கு வரும், லைன் எப்போது காலியாகும் என்று மெர்ச்சண்டைசரும் புரொடக்‌ஷனும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவகாசம் போதும். அதையும் மீறி மேலே ஒரு முடிவு எடுத்தால், எடுத்தவர் பெயரில் அது பதிவாகட்டும். பிளானிங்குக்குத் தனியாக ஆள் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்த வழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் ரொம்ப சந்தோஷம். இன்னும் வரவில்லை என்றால், கொண்டு வர முடியுமா என்று சொல்லுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கிய பிறகு ஊரில் எல்லோருமே யூ.கே., ஐரோப்பா பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஜூலையில் கையெழுத்தான யூ.கே. உடன்பாடு அமலுக்கு வந்து ஆடைகளுக்கு வரி போய்விட்டால் போட்டி இன்னும் கூடும். புது பையர்கள் முதல் இரண்டு ஆர்டர்களில்தான் ஃபேக்டரியை எடை போடுவார்கள். அந்த வேலையை என்னால் நன்றாகச் செய்ய முடியும். டெஸ்ட் ரிப்போர்ட், ஆடிட், இன்ஸ்பெக்‌ஷனில் எதைப் பார்த்து ஃபெயில் போடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே தினமும் கையாள்வதுதான். ஆனால் இங்கே பார்த்த விலை விவரத்தையோ மற்ற ஃபேக்டரிகளின் காஸ்டிங்கையோ கொண்டு வர மாட்டேன். யாரும் அதைக் கேட்கவும் கூடாது.

எதற்காகத் திரும்பி வர நினைக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே எல்லாமே முடிந்த பிறகுதான் என் கண்ணுக்கு வருகிறது. கார்ட்டனைப் பிரித்து, குறை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு ஸ்கெட்ச் சாம்பிளாகி, ஃபிட் சரியாகி, லைனில் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. அது ஃபேக்டரியில்தான் கிடைக்கும்.

மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வாங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். கிராஜுவிட்டி போகும்போதே வாங்கிவிட்டதால் பழைய சர்வீஸைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்ல மாட்டேன், புது நியமனமாகவே இருக்கட்டும். பி.எஃப். அதே யு.ஏ.என். எண்ணில்தான் ஓடுகிறது. ஐரோப்பா டெஸ்கை இப்போது பார்த்துக்கொள்ளும் பெண் என்னிடம் வேலை கற்றவள். நான் வருகிறேன் என்பதற்காக அவளை இறக்கவோ என் கீழே போடவோ வேண்டாம். யூ.கே. டீம் தனியாகவே இருக்கட்டும். இங்கே ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆபீசில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, அதனால் இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

எம்.டி.யிடம் என் பெயரைச் சொல்லும் முன்னால் நாம் ஒரு முறை நேரில் பேசிவிடலாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வசதி, நீங்கள் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். தேதி விஷயத்தில் நான் கேட்பது அங்கே நடக்காது என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்குப் பொருத்தமான இன்னொருவரையும் எனக்குத் தெரியும், அவருடைய நம்பரை அனுப்புகிறேன்.

வீட்டில் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கவிதா