கூடலூர் சர்ச் ஹால் திறந்திருக்கு, வாங்க

ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தவங்க, லயன் வீட்டுல சுவர் ஊறிப் பயமா இருக்கறவங்க எல்லாரும் இன்னிக்கு ராத்திரியே நம்ம சர்ச் ஹாலுக்கு வந்துடுங்க, எந்த மதம்னு யாரும் கேக்க மாட்டோம், ஏற்கனவே 14 குடும்பம் இருக்காங்க, சூடா கஞ்சி ரெடி. ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரைய பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க.

குடுக்கறவங்களுக்கு: கம்பளி தான் ரொம்ப அவசரம், குளிர் தாங்கல, குழந்தைங்க நடுங்குது. அப்புறம் பாய், தார்ப்பாய், பால் பவுடர், டயப்பர், நாப்கின், டார்ச், கேன் தண்ணி, அரிசி பருப்பு. பழைய துணி போதும்ங்க, தயவுசெஞ்சு வேணாம், பிரிக்கவே ஆள் இல்ல (நேத்து ஒரு மூட்டைல பட்டுப்புடவை!). காலைல 7 முதல் ராத்திரி 9 வரை பின்பக்க கேட்ல குடுங்க. ஊட்டில இருந்து வர்றவங்க நடுவட்டம் ரோடு திறந்திருக்கான்னு கேட்டுட்டு கிளம்புங்க, இருட்டுனப்புறம் வேணாம்.