வெள்ளிக்கிழமை மாலை வருகிறேன்

அன்புள்ள மீனா,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் குரல் நின்றுவிட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகுதான் உன் மூச்சுச் சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே தூங்கிவிட்டிருந்தாய். எழுப்ப மனம் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை.

இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் உன் வீட்டுக்கு ஏற்கெனவே நிறைய வருகிறார்கள். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியும் அம்மாவுக்கு ஒரு படுக்கைப்புண் கூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீ எழுந்து புரட்டிவிட்டிருக்கிறாய், இரவிலும். என் மாமியார் படுத்திருந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். அப்போது நான் ஏங்கியதெல்லாம் ஒரு முழு இரவுத் தூக்கத்துக்குத்தான்.

அதனால் வெள்ளிக்கிழமை மாலை மன்னார்குடியில் கும்பகோணம் பஸ் ஏறி, வலங்கைமானில் இறங்குகிறேன். ஞாயிறு மாலை வரை இருப்பேன். சம்பா நடவு முடிந்துவிட்டது. மழை விட்டால் களையெடுப்பு. அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

இரண்டு இரவும் அம்மா பக்கத்தில் நான் படுக்கிறேன், நீ மாடியில் படு. டயப்பர் மாற்றுவது, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைப்பது, ஒரு வாய் கஞ்சி உள்ளே போனதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி கொடுப்பது, எல்லாம் எனக்குப் பழகிய வேலை. உனக்குச் சடை பின்னி முடித்த கையோடு என்னையும் இழுத்து உட்காரவைத்துப் பின்னிவிட்டவர் அவர். போன முறை வந்தபோது, இடக்கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. இரவில் அவர் குரல் கேட்டாலும் நீ இறங்கி வராதே. நான் இருக்கிறேன்.

மாத்திரை வேளைகளை எழுதிவைக்க வேண்டாம். வந்து கேட்டு நானே எழுதிக்கொள்கிறேன். வீட்டை ஒழுங்குபடுத்தவும் வேண்டாம். அழுக்குத் துணி அப்படியே கிடக்கட்டும். துவைத்துப் போடுகிறேன், மழையானால் கூடத்தில் கொடி கட்டிக்கொள்ளலாம். இட்லி மாவும் புளிக்காய்ச்சலும் கொண்டுவருகிறேன். நீ தூங்கலாம், குடமுருட்டிப் படித்துறையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். என்னோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கூட இல்லை.

இன்னொன்று. அம்மாவிடம் ஒரு நாள் கத்திவிட்டதாகச் சொல்லி அழுதாயே, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னைத் தப்பாகவும் நினைக்கவில்லை. நானும் என் மாமியாரிடம் கத்தியிருக்கிறேன், பிறகு கொல்லையில் போய் நின்று அழுதிருக்கிறேன்.

தை அறுவடை வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி வர முடியும். அவரிடமும் பேசிவிட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். இந்த வாரம் தோதுப்படாது என்றால் மட்டும் ஒரு மிஸ்டு கால் கொடு, அடுத்த வாரம் வருகிறேன். இல்லையென்றால் ஆறரை மணிக்குள் வாசலில் இருப்பேன். கதவைச் சும்மா சாத்தி வை, மணி அடித்து அம்மாவை எழுப்ப வேண்டாம்.

அன்புடன்,
சுமதி