இணைப்பு 2: இரகசியம் காத்தலும் படைப்பின் உரிமையும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நாங்களும், மதுரையில் ஃப்ரீலான்சராக மென்பொருள் செய்துதரும் நீங்களும் 2025 மார்ச் 3 அன்று கையெழுத்திட்ட பணி ஆணையின் பகுதி இது. வேலை: நிட்டிங், டையிங், தையல் யூனிட்டுகளுக்குப் போய்வரும் சரக்கைக் கண்காணிக்கும் ஆப், அதன் திரை வடிவமைப்பு, லோகோ. கட்டணம் ₹2,40,000, மூன்று சம தவணைகளில்.

1. எது இரகசியம்

பையர்களின் பெயர், அவர்களுக்குச் சொன்ன பீஸ் விலை, காஸ்டிங் ஷீட், ஜாப் ஒர்க் ரேட், இன்னும் சந்தைக்கு வராத ஸ்டைல்கள், தொழிலாளர்களின் சொந்த விவரங்கள், எங்கள் கணினிகளின் பாஸ்வேர்டுகள். எழுத்தில் தந்தாலும், வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலும், யூனிட்டுக்கு வந்தபோது நீங்களே பார்த்திருந்தாலும் இரகசியம்தான். ஒரு பையருக்குக் கொடுத்த விலை வெளியே தெரிந்தால் ஆர்டரே கைமாறிப் போகும்; அதனால்தான் இதில் இவ்வளவு கண்டிப்பு.

ஏற்கெனவே ஊரறிந்தது, எங்களிடம் வருமுன்பே உங்களுக்குத் தெரிந்தது, உரிமையுள்ள வேறொருவர் சொன்னது ஆகியவை இதில் சேராது. நீதிமன்றமோ அரசோ கேட்டால் கேட்டதை மட்டும் கொடுக்கலாம்; சட்டம் அனுமதித்தால் எங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

2. எப்படிக் காப்பது

இந்தத் தகவல்களை இந்த வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சோதனைக்குப் போலித் தரவு போதும். தொழிலாளர்களின் உண்மையான பட்டியலை உங்கள் லேப்டாப்பில் இறக்கக் கூடாது. பாஸ்வேர்டுகள் `.env` கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பு கோட் களஞ்சியத்துக்குள் ஏறவே கூடாது. வேலையில் ஒரு பகுதியை வேறொருவரிடம் கொடுப்பதானால் எங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். இந்த இணைப்பிலுள்ள எல்லா நிபந்தனைகளுக்கும் அவரும் கையெழுத்திட வேண்டும்.

எதுவும் கசிந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்லுங்கள். உடனே சொன்னால் சேதத்தைக் குறைக்க இருவரும் சேர்ந்து வேலை செய்யலாம். மறைப்பதைத்தான் பெரிய மீறலாகக் கொள்வோம். வேலை முடிந்த 15 நாட்களுக்குள் எங்கள் கோப்புகளை அழித்து, அழித்துவிட்டதாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். இரகசியம் காக்கும் கடமை வேலை முடிந்து 3 ஆண்டுகள் நீடிக்கும்; சொந்த விவரங்களுக்கும் பாஸ்வேர்டுகளுக்கும் கால வரம்பு இல்லை.

3. யாருக்குச் சொந்தம்

நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி, நீங்கள் எழுதும் கோடுக்கும் வரையும் டிசைனுக்கும் முதல் உரிமையாளர் நீங்களே. பணம் கொடுத்ததால் மட்டும் அது எங்களுடையதாகிவிடாது. ஆகவே இங்கே எழுத்தில் மாற்றித் தருகிறீர்கள்: ஒவ்வொரு தவணைப் பணமும் உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததும், அந்தத் தவணைக்குரிய சோர்ஸ் கோட், டேட்டாபேஸ் அமைப்பு, திரை வடிவமைப்பு, இறுதி லோகோ, அவற்றின் மூலக் கோப்புகள் ஆகியவற்றின் முழுப் பதிப்புரிமையும் எங்களுக்கு வந்துவிடும்.

கால அளவைச் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைச் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அதே சட்டத்தின் பிரிவு 19 கொள்ளும். ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறோம்: இந்த மாற்றம் பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும். ஓராண்டுக்குள் நாங்கள் பயன்படுத்தாமல் விட்டாலும் உரிமை காலாவதியாகாது. கட்டணத்துக்கு மேல் ராயல்டி கிடையாது.

பணம் தராத பகுதி உங்களுடையதே. பணம் தரும்வரை அதை நாங்கள் சோதித்துப் பார்க்கலாம், வேலையில் இறக்கக் கூடாது. வேலை பாதியில் நின்றாலும் இதே கணக்குதான்.

4. உங்களிடமே இருப்பவை

இந்த வேலைக்கு முன்பே நீங்கள் எழுதி வைத்திருந்த கோட், நாங்கள் வேண்டாம் என்ற லோகோ வரைவுகள் (எங்கள் பெயரை நீக்கிய பிறகு), உங்கள் தொழில் அறிவு. பழைய கோட் எதையாவது ஆப்பில் சேர்த்தால், அதை ஆப்போடு சேர்த்து என்றென்றும் பயன்படுத்தவும் மாற்றவும் எங்களுக்குக் கட்டணமில்லா அனுமதி உண்டு.

ஓப்பன் சோர்ஸ் நூலகங்களை `LICENSES.md` கோப்பில் பட்டியலிடுங்கள். எம்ஐடி, அப்பாச்சி 2.0 உரிமங்கள் சரி. ஜிபிஎல், ஏஜிபிஎல் உரிமமுள்ளவற்றுக்கு முதலில் கேட்க வேண்டும். எழுத்துருக்களையும் படங்களையும் எங்கள் பெயரில் வாங்குங்கள். அந்தச் செலவு எங்களுடையது. வேறொருவரின் படைப்பைத் திருடிச் சேர்க்கவில்லை என்று உறுதி தருகிறீர்கள்.

5. பெயரும் அடுத்த வேலையும்

உரிமை மாறினாலும், படைத்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 57இன்படி உங்களிடமே இருக்கும். ஆப்பின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் உங்கள் பெயரைப் போடுவோம். ஆப் வெளிவந்த பிறகு, போலித் தரவு உள்ள ஸ்கிரீன்ஷாட்டுகளை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம்.

வேறு ஏற்றுமதியாளர்களுக்கு வேலை செய்ய உங்களுக்குத் தடையில்லை. அப்படித் தடுக்கும் நிபந்தனை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27இன்படி செல்லாது. உங்கள் பிழைப்பில் கை வைக்க நாங்களும் விரும்பவில்லை. எங்கள் இரகசியமும், எங்களுக்கு மாற்றித் தந்த கோடும் அங்கே போகக் கூடாது, அவ்வளவுதான்.

6. தகராறு வந்தால்

முதலில் 15 நாட்கள் பேசித் தீர்க்கப் பார்ப்போம். தீராவிட்டால் திருப்பூர் நீதிமன்றங்கள். இரகசியம் கசியும் அவசரத்தில் மட்டும், காத்திருக்காமல் தடையாணை கேட்கலாம். பணி ஆணை முடிந்த பிறகும் இந்த இணைப்பின் பிரிவு 1 முதல் 6 வரை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.