பேறுகால உணவு ஆய்வுக் குறிப்பு: புரதம், இரும்பு, சுண்ணாம்புச்சத்து

நாள்: 14.10.2024. பிரசவம் 25.9.2024, அறுவை சிகிச்சை. இன்று 19-ஆம் நாள்.
தாய்: 26 வயது, முதல் பிள்ளை, எடை 58 கிலோ. திருநெல்வேலிப் பக்கம் தாய்வீட்டில் இருக்கிறார். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்.
ஹீமோகுளோபின் 9.2. கடைசி மாதத்தில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்தது. சர்க்கரை இல்லை.
அனுப்பிய காரணம்: தலைசுற்றல், அசதி, "பால் ஊறலை" என்ற கவலை. குழந்தையின் எடை சரியாக ஏறுகிறது. ஆகவே பால் குறைவு என்பது பயம் மட்டுமே. சத்துக் குறைவு தாயின் உடம்பில்தான்.

உடன் வந்தவர்கள்: தாயின் அம்மா, அவருடைய அம்மாவான ஆச்சி. சமைப்பது அம்மா. எது கூடும், எது கூடாது என்று சொல்வது ஆச்சி. அதனால் பேச்சை ஆச்சியிடமே தொடங்கினேன்.

நேற்று உண்டது (வீட்டு டம்ளரையும் கரண்டியையும் காட்டிக் கேட்டு எழுதியது)

காலை 6.30: சுக்குக் காப்பி, கருப்பட்டி போட்டு, பால் இல்லாமல். "காப்பித்தூள் உண்டா?" என்றதற்கு, "ஒரு கரண்டி போடுவோம், மணத்துக்கு" என்றார் அம்மா. பிறகு நெல்லிக்காய் அளவு பேறுகால லேகியம்.
8.30: இட்லி 3, நல்லெண்ணெய், பூண்டுப்பொடி. சாப்பிட்ட கையோடு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டும்.
11.00: பூண்டு வேகவைத்த பால், 150 மில்லி.
1.00: சோறு (அரிசி 100 கிராம் அளவு), பூண்டுக் குழம்பு, பொரித்த சுறாக் கருவாடு ஒரு சிறு துண்டு.
4.00: மறுபடி சுக்குக் காப்பி, ரஸ்க் 2.
7.30: இட்லி 3, பிஞ்சுக் கத்தரிக்காய் வதக்கல்.
தண்ணீர்: நாளுக்கு நாலு டம்ளர், வெந்நீர் மட்டும். "வயிறு சாயும்" என்று அதற்கு மேல் கொடுப்பதில்லை.

வாரம் ஒருமுறை பால்சுறாப் புட்டு உண்டு. நேற்று இல்லை.

கணக்கு

புரதம் சுமார் 36 கிராம். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரைப்படி ஏறக்குறைய 63 கிராம் வேண்டும். சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராம் கூட முழுசாக இல்லை, வேண்டியது 1200. இரும்பு 6 முதல் 7 மில்லிகிராம், வேண்டியது 23. கருப்பட்டியின் இரும்பை நான் கணக்கில் பெரிதாகச் சேர்க்கவில்லை. காய்ச்சும் பாத்திரத்தைப் பொறுத்து அது ஊருக்கு ஊர் மாறும். அதை நம்பி இரத்தசோகையைத் தீர்க்க முடியாது.

பத்தியத்தில் சேர்ப்பவை பெரும்பாலும் நல்லவை: பூண்டு, பால், நல்லெண்ணெய், சுக்கு. குறை, விலக்கியவற்றிலும் அளவிலும்தான் இருக்கிறது. பருப்பு, முட்டை, தயிர், கீரை நான்கும் ஒரே நேரத்தில் தட்டை விட்டுப் போய்விட்டன. அவை போன இடத்தில் இட்லியும் குழம்பும்தான் வந்திருக்கின்றன. பத்தியத்தைக் கைவிடச் சொல்லத் தேவையில்லை. அப்படிச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் என் தாளையே கைவிடுவார்கள்.

விலக்கின் காரணங்கள்: பருப்பு, பிள்ளைக்கு வாயு. முட்டை, சூடு. தயிர், எலுமிச்சை, கொய்யா, குளிர்ச்சி. கீரை, பிள்ளைக்கு வயிற்றால் போகும். சாளை மீன், கிரந்தி.

பேசி ஒத்துக்கொண்டவை

பருப்பு: துவரை வேண்டாம் என்றதில் ஆச்சி அசையவில்லை. சிறுபருப்பு "பச்சை உடம்புக்காரிக்கு ஆகும்" என்று அவரே சொன்னார். மதியம் 30 கிராம், பூண்டு, சீரகம், பெருங்காயம் போட்டுக் குழைய வேகவைத்து. புரதம் 7 கிராம் கூடும். மூன்று நாள் கொடுத்துப் பார்த்து, பிள்ளை முக்கி அழுதால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

முட்டை: வேகவைத்து மிளகுத்தூள் தூவி, 16-ஆம் தேதியிலிருந்து, தினம் ஒன்று. முதல் இரண்டு நாள் பாதி. "மிளகு சூட்டை முறிக்குமா?" என்று தாய் மெல்லக் கேட்டார். ஆச்சி சிரித்துவிட்டார், மிளகே சூடுதானாம். ஆனாலும் சரி என்றார்.

பால்: காலைப் பாலுடன் இரவு 200 மில்லி, மஞ்சள் போட்டுக் காய்ச்சி. தயிரின் இடத்தை இதுவே நிரப்பும். சுண்ணாம்பு 235 மில்லிகிராம் கூடும்.

மாலை ரஸ்க்குக்குப் பதில் கேப்பைக் கஞ்சி: மாவு 30 கிராம், பால் 100 மில்லி, கருப்பட்டி. இங்கே யாருக்கும் தயக்கமே இல்லை. ஏன் இதுவரை செய்யவில்லை என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

மீன்: கருவாட்டை நிறுத்துகிறோம். உப்பு அதிகம், முன்பு அழுத்தமும் இருந்தது. அதற்குப் பதில் பச்சை நெத்திலி 60 கிராம், முள்ளோடு குழம்பில். சாளையைக் கேட்கவில்லை. சுறாப் புட்டைக் கூட்ட வேண்டாம், வாரம் ஒருமுறையே. அன்று நெத்திலி வேண்டாம்.

இரும்புக்கு: ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியை ஆச்சியே முன்வைத்தார். ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ வாரம் இருமுறை 50 கிராம், நன்றாக வெந்தது. நான் கேட்க நினைத்ததை அவர் சொன்னது எனக்கு வேலை மிச்சம்.

தண்ணீர்: சீரகம் போட்ட வெந்நீர், தாகத்துக்குத் தக்கபடி. அளவுக் கட்டுப்பாடு வேண்டாம். பாலூட்ட உட்காரும்போது பக்கத்தில் ஒரு டம்ளர்.

லேகியம் வீட்டில் கிண்டியது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நெய். தொடரலாம், அளவு கூட்ட வேண்டாம்.

ஏற்காதவை, தள்ளிவைத்தவை

தயிரும் மோரும் 40 நாள் முடியும்வரை இல்லை. பால் இருப்பதால் நான் வற்புறுத்தவில்லை. கீரைக்கு 25-ஆம் தேதிவரை தவணை. அதற்குப் பிறகு முருங்கைக்கீரை இறக்கிய சாறு கொடுத்துப் பார்ப்பார்கள். எலுமிச்சையும் கொய்யாவும் அடியோடு மறுப்பு. தக்காளி ரசம் சம்மதம், ஆனால் கொதியில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். அது இரும்பு உறிஞ்சலுக்கு அதிகம் உதவும் என்று எழுதிக்கொள்ள மாட்டேன்.

மாற்றத்துக்குப் பின் கணக்கு: புரதம் சுமார் 63 கிராம், இலக்கைத் தொடும். சுண்ணாம்பு ஏறக்குறைய 800, நெத்திலி முள்ளைச் சேர்க்காமல். மீதியை மாத்திரை தாராளமாகத் தரும். இரும்பு 11, ஈரல் நாளில் இன்னும் சற்று. 9.2-ஐ உணவால் மட்டும் ஏற்ற முடியாது என்பதை மூவரிடமும் மழுப்பாமல் சொன்னேன்.

மாத்திரை

பெரிய தவறு இங்கேதான். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக உள்ளே போகாது. காப்பித்தூளும் அதையே செய்யும். இனி: இரும்பு மாத்திரை காலை 10 மணிக்கு, இட்லிக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து, பால் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன். கால்சியம் 500 மில்லிகிராம் இரு வேளை: மதியச் சோற்றோடு ஒன்று, இரவு உணவோடு ஒன்று. சுக்குக் காப்பியில் காப்பித்தூள் போட வேண்டாம். கொத்தமல்லி விதை போதும். இரும்பு மாத்திரை பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்பது அரசு வழிமுறை. இந்த அளவு இரத்தசோகைக்கு எத்தனை மாத்திரை என்பதை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். குறிப்பு அவருக்கு அனுப்பினேன். மலம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

உடனே வரவேண்டிய அறிகுறிகள் சொல்லப்பட்டன: மூச்சிரைப்பு, படபடப்பு, இரத்தப்போக்கு கூடுதல், காய்ச்சல், கடும் தலைவலி, பார்வை மங்கல்.

அடுத்த வருகை 4.11.2024, நாற்பதாம் நாள். அன்று ஹீமோகுளோபின் திரும்பப் பார்க்க வேண்டும், மறுபடி ஒருநாள் உணவைக் கேட்டு எழுத வேண்டும், தயிர் பேச்சை எடுக்க வேண்டும். ஆச்சியும் கட்டாயம் வரவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.