தொடர்புப் பதிவும் மின்னஞ்சலும்: செ. கோமதி, தாழை ஆவணப் பெட்டிகள்

தொடர்புப் பதிவு

பெயர்: கோமதி செல்வநாயகம் (அட்டையில் செ. கோமதி)
பொறுப்பு: தயாரிப்பு மேலாளர்
நிறுவனம்: தாழை ஆவணப் பெட்டிகள்
மின்னஞ்சல்: gomathi@thaazhai.example
கைபேசி: பதியவில்லை. படத்தில் விளக்கொளி பட்டுக் கடைசி இரண்டு இலக்கங்கள் வெளுத்துவிட்டன. 3, 8 என்று ஊகிப்பதைவிட அவரிடமே கேட்டுவிடலாம்.
அட்டையின் பின்புறம், அவர் கையெழுத்தில்: "செவ்வாய், வெள்ளி தொழிற்கூடம். 4 மணிக்குப் பிறகு அழைக்கவும்."
சந்தித்தது: வியாழக்கிழமை, ஆவணக் காப்பாளர் கூட்டம், தேநீர் இடைவேளை
பேசியது: பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு அமிலமற்ற அட்டைப் பெட்டி. ISO 9706 தரத்தாளில் அமிலத்தைத் தாங்கும் காரச் சேமிப்பு இருக்கும் என்று விளக்கினார்.
அடுத்த வேலை: கட்டுகளின் அளவை நான் அனுப்ப வேண்டும், மாதிரிப் பெட்டிகளை அவர் அனுப்புவார்.
குறிப்பு: குடும்பம் பற்றிப் பேசியதைச் சேர்க்கவில்லை. இந்தப் பட்டியலை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

மின்னஞ்சல்

பெறுநர்: gomathi@thaazhai.example
பொருள்: நாளிதழ்க் கட்டுகளின் அளவு, மாதிரிப் பெட்டிகள்

அன்புள்ள கோமதி அவர்களுக்கு,

வணக்கம். வியாழக்கிழமை தேநீர் ஆறிப்போகும் வரை உங்களைப் பேச வைத்தவன் நான்தான், நூலகத்தின் இளவரசு.

அமிலச் சோதனைப் பேனாவால் கூட்ட நிகழ்ச்சி நிரலின் ஓரத்தில் நீங்கள் ஒரு கோடு போட்டீர்களே, அது ஊதாவாகாமல் மஞ்சளாக நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. காகிதப் பாதுகாப்புக் கூட்டத்துக்கே அமிலத் தாள்! மறுநாள் எங்கள் கிடங்கிலிருந்த பழைய பெட்டி ஒன்றின் உள்மடிப்பில் அதே சோதனையைச் செய்தோம். அங்கும் மஞ்சள்தான். கோடு அழியாது என்று நீங்கள் சொன்னதால் நாளிதழ்களின் பக்கமே பேனாவைக் கொண்டுபோகவில்லை.

கேட்ட அளவு இதோ: மடிக்காத கட்டு 60 செ.மீ. நீளம், 42 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம். ஓரங்கள் நொறுங்குவதால் கட்டை மேலிருந்து தூக்கி எடுப்பது சிரமம். முன்பக்கச் சுவர் கீழே மடிந்து திறக்கும் அமைப்பைச் சொன்னீர்கள் அல்லவா, அதில் ஒரு மாதிரியும், சாதாரண மூடி வைத்ததில் ஒன்றும் அனுப்ப முடியுமா? இரண்டிலும் கட்டை வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு எண்ணிக்கையைச் சொல்கிறேன். அதற்கு முன் விலைப்பட்டியல் வேண்டாம்.

உங்கள் அட்டையை நான் எடுத்த படத்தில் கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தெளிவாக விழவில்லை. எண்ணை ஒருமுறை எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை 4 மணிக்குப் பிறகு அழைக்கிறேன்.

தம்பி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாரா? அந்த அலைச்சலுக்கு நடுவில் மாதிரிகள் ஒரு வாரம் தாமதமானாலும் எங்களுக்குச் சிரமமில்லை.

அன்புடன்,
இளவரசு
ஆவணப் பிரிவு